ஒரு முகம், நான்கு குரல்

2019 மே மாதம், ஜப்பானின் கிசுனா ஐ தன் யூடியூப் சேனலில் ஒருத்திக்கு நால்வராக வந்து நின்றாள். நால்வருக்கும் ஒரே முகம், ஒரே உடை, தலையில் அதே இளஞ்சிவப்பு ரிப்பன். ஆனால் வாயைத் திறந்தபோது எல்லாருடைய குரலும் ஒன்றாக இல்லை. சேனலைப் பின்தொடர்ந்த இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பலர், முதலில் இதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். வாரங்கள் போகப் போக, பழைய குரல் வரும் வீடியோக்கள் குறைந்து, புதிய குரல்கள் கூடின. அப்போதுதான் ரசிகர்களுக்குச் சந்தேகம் தட்டியது: நம்முடைய ஐ-யை மெல்ல மாற்றப் பார்க்கிறார்களா?

கிசுனா ஐ ஒரு கார்ட்டூன் உருவம். 2016 நவம்பர் இறுதியில் முதல் வீடியோவில் தோன்றி, தான் ஒரு செயற்கை நுண்ணறிவு என்றும், ‘விர்ச்சுவல் யூடியூபர்’ என்றும் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். இன்று ‘விடியூபர்’ என்று உலகம் முழுக்கச் சுருக்கி அழைக்கப்படும் பெயர் அங்கிருந்து வந்ததுதான். உண்மையில் அவளிடம் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை. அசைவைப் பதிவு செய்யும் கருவிகளை உடலில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் பேசினார், சிரித்தார், கேமில் தோற்றபோது திட்டினார். அவருடைய அசைவுகளைத் திரையில் ஐ செய்தாள். அந்தப் பெண் யாரென்று அவளை நடத்திய நிறுவனம் சொல்லவில்லை. கேட்டால், உள்ளே யாரும் இல்லை என்பதுதான் கதை.

நிறுவனத்தின் கணக்கு புரியாத ஒன்றல்ல. உருவம் நம்முடையது, பெயர் நம்முடையது. அதற்குள் யார் இருந்தால் என்ன? தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் எளிதாகப் புரியும். ‘விண்ணைத்தாண்டி வருவாயா’விலும் ‘96’-லும் த்ரிஷாவுக்குக் குரல் கொடுத்தவர் சின்மயி; ‘மன்மதன் அம்பு’வில் த்ரிஷாவே பேசினார். நாம் எதையும் தடுமாறாமல் ஏற்றுக்கொண்டோம். ஏனென்றால் அங்கே முகம் ஒரு ஆளுக்குச் சொந்தமானது. கண்ணோரச் சுருக்கமும் தலை சாய்க்கும் விதமும் மாறுவதில்லை; குரல் அதன் மேல் வந்து உட்கார்கிறது. விடியூபரிடம் இது தலைகீழ். முகம் வரைந்தது, யாருக்கும் பொருந்தும். ஆளுக்கென்று இருப்பதெல்லாம் குரலிலும் பேச்சிலும்தான் இருக்கிறது.

அந்த வரைந்த முகம் எப்படி உயிர் பெறுகிறது என்று பார்த்தால் இது தெளிவாகும். இன்று பெரும்பாலான விடியூபர்கள் கிசுனா ஐ போல முழு முப்பரிமாண உருவத்தோடு தினமும் வருவதில்லை. தட்டையான ஓவியம் ஒன்றை அசைக்கிறார்கள். அதற்கு அதிகம் பயன்படுவது லைவ்2டி என்ற ஜப்பானிய மென்பொருள். ஓவியர் முதலில் பாத்திரத்தைத் துண்டு துண்டாக வரைகிறார். மேலிமை தனி, கீழிமை தனி, கருவிழி தனி, அதில் விழும் ஒளிப்புள்ளி தனி. வாயின் உட்புறம், பல், நாக்கு, நெற்றி முடியின் ஒவ்வொரு கற்றை, காதுக்குப் பின்னால் மறையும் முடி என்று எல்லாம் தனித்தனி அடுக்கு. தலை திரும்பும்போது மறைவிலிருந்து வெளியே தெரியப்போகும் பகுதியையும் முன்கூட்டியே வரைந்துவைக்க வேண்டும். நல்ல உருவம் ஒன்றில் இப்படி நூற்றுக்கணக்கில் அடுக்குகள் சேர்ந்துவிடும்.

பிறகு இன்னொருவர் அந்த அடுக்குகளின் மேல் வலை விரித்து, எந்த எண் மாறினால் எந்தத் துண்டு எவ்வளவு வளைய வேண்டும் என்று பொருத்துகிறார். தலையை இடவலமாகத் திருப்புவதற்கு `ParamAngleX` என்று ஒரு எண். அது வழக்கமாக −30-லிருந்து 30 வரை போகும். வாய் திறப்பதற்கு `ParamMouthOpenY`. 0 என்றால் மூடிய வாய், 1 என்றால் முழுதாகத் திறந்த வாய். நேரலையின்போது கலைஞருக்கு எதிரே ஒரு ஐபோனோ வெப்கேமராவோ இருக்கும். அது அவர் முகத்தைப் பார்த்து, புருவம் இவ்வளவு ஏறியது, இடக்கண் இவ்வளவு மூடியது என்று எண்களாக அனுப்ப, அந்த எண்கள் ஓவியத்தை அசைக்கின்றன. ஐபோன் வழியில் கணினிக்கு இந்த எண்கள் மட்டும் போனால் போதும். கலைஞரின் முகப் படம் கணினிக்கு வரவே வேண்டியதில்லை. கண்ணீர், கோபத்தில் சிவக்கும் கன்னம் போன்றவற்றை முகத்திலிருந்து எடுப்பதில்லை. விசைப்பலகையில் ஒரு பொத்தானை அழுத்தினால் வந்து ஒட்டிக்கொள்ளும். ரசிகர்கள் ஓவியரை அந்தப் பாத்திரத்தின் ‘அம்மா’ என்றும், வலை விரித்து அசைத்தவரை ‘அப்பா’ என்றும் உரிமையோடு கூப்பிடுகிறார்கள். உள்ளே இருந்து பேசுகிறவருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஆன்மா’.

இந்த வழியில் மனித முகத்தின் பெரும்பகுதி வடிகட்டிப் போய்விடுகிறது. பாதிச் சிரிப்பு, அலுப்பு, கண்ணில் தெரியும் தயக்கம் இவற்றில் ஒரு சிறு பங்கே ஓவியத்துக்குப் போய்ச் சேரும். திரையில் வருவது பெரும்பாலும் தலையாட்டலும் இமைப்பும் வாயசைவும்தான். மீதி வேலையைக் குரல் செய்தாக வேண்டும். அதனால் அனுபவமுள்ள விடியூபர்கள் சிரிப்பை நீட்டிச் சிரிப்பார்கள், மூச்சை இழுப்பது கேட்கும்படி இழுப்பார்கள், தலையை வேண்டுமென்றே பெரிதாகச் சாய்ப்பார்கள்.

சரி, உருவம் தயார். அதற்கு ஒரு குணம் வேண்டுமே. நிறுவனங்கள் ஒரு சிறு குறிப்பு எழுதித் தருகின்றன: வயது, ஊர், பிறவி, பிடித்தது, பிடிக்காதது. 2018 பிப்ரவரியில் நிஜிசான்ஜி குழுவில் அறிமுகமான சுகினோ மித்தோ பற்றிய குறிப்பில், அவள் ஒரு பள்ளி மாணவி, வகுப்புத் தலைவி, கறாராகப் பேசினாலும் நல்ல மனசுக்காரி. உருவமும் அப்படியே, ஒழுங்காகச் சீவிய நீளக் கூந்தலும் சீருடையும். நேரலையில் அந்த வகுப்புத் தலைவி ‘தி ஹியூமன் சென்டிபீட்’ என்ற அருவருப்பான திகில் படத்தைப் பற்றி ஆர்வமாகப் பேசினாள். காட்டுப் புல்லைத் தின்று பார்த்த கதையைச் சொன்னாள். குறிப்பு எழுதியவர் நினைத்த பெண் இவள் இல்லை. ஆனால் ரசிகர் கூட்டம் சேர்ந்தது இந்தப் பொருத்தமின்மைக்காகத்தான். சீருடை இல்லாமல் அந்தக் கதைகளை யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் விசித்திரமான ஆள் என்று கடந்து போயிருப்போம். அந்தக் கதைகள் இல்லாமல் சீருடை மட்டும் வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் மறந்திருப்போம்.

என் பார்வையில், இந்தத் துறை கண்டுகொண்ட மிக முக்கியமான விஷயம் இது. பாத்திரக் குறிப்பு என்பது நடித்துக்காட்ட வேண்டிய வசனம் அல்ல. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், வாரத்தில் பல நாள், வருடக்கணக்கில் முன்தயாரிப்பில்லாமல் பேசுகிற ஒருவரால் இன்னொருவராக நடித்துக்கொண்டே இருக்க முடியாது. முதல் வாரம் உச்சத்தில் இருக்கும் ‘பாத்திரக் குரல்’ சில மாதங்களில் இறங்கி, பேசுகிறவரின் இயல்பான குரலுக்கு அருகில் வந்து நிற்பதை விடியூபர் பார்ப்பவர்கள் எல்லாரும் கவனித்திருப்பார்கள். குறிப்பில் உள்ளவற்றில் தனக்கு ஒட்டாதது உதிர்ந்துபோகும். ஒட்டியது பழக்கமாகும்.

நிலைத்து நிற்பவை பெரும்பாலும் சிறு வழக்கங்கள்தான். ஹோலோலைவ் குழுவின் உசாதா பெக்கோரா முயல் காதுள்ள பெண். வாக்கியத்தின் முடிவில் ‘பெக்கோ’ என்று சேர்ப்பாள். 2019-ல் அறிமுகமானதிலிருந்து அது தொடர்கிறது. அவள் தன் அம்மாவைப் பற்றிப் பேசுவது நிஜ அம்மாவைப் பற்றித்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ரசிகர்கள் வரையும் படங்களில் அந்த அம்மாவுக்கும் முயல் காது இருக்கும். நிஜ வாழ்க்கையை மறைக்கத் தேவையில்லை. பாத்திரத்தின் உலகத்துக்குள் கொண்டுவரும்போது காது முளைக்க வைத்தால் போதும். அதே நிறுவனத்தின் ஆங்கிலப் பிரிவில் 2020 செப்டம்பரில் வந்த தகநாஷி கியாரா ஒரு ஃபீனிக்ஸ் பறவை. துரித உணவகம் நடத்துவது அவள் கதை. அதனால் பார்வையாளர்கள் எல்லாரும் அவள் கடை ஊழியர்கள். இன்று நேரலைக்கு வரத் தாமதமானால், ஊழியர் விடுப்பு எடுத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். அட்லாண்டிஸிலிருந்து வந்த சுறா, எமனுடைய உதவியாளர் போன்ற பிறவிக் கதைகளை யாரும் நம்புவதில்லை. நம்புவது போலச் சேர்ந்து விளையாடுகிறார்கள்.

எல்லாரும் மறைக்கிறார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 2017 இறுதியில் நெகோமாசு என்ற ஒருவர் நரிக்காதுள்ள சிறுமி உருவத்தில் வந்து, தன் சொந்த ஆண் குரலிலேயே பேசினார். கடையில் பகுதிநேர வேலை பார்க்கும் கஷ்டங்களை அந்தச் சிறுமியின் வாயால் புலம்பினார். ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். உருவமும் ஆளும் ஒட்டவேண்டிய அவசியமே இல்லை என்று அன்றே தெரிந்துபோனது.

ஆனால் பெரும்பான்மையினருக்கு மறைப்பு வேண்டியிருக்கிறது, அதிலும் பெண்களுக்கு. ஆர்வக்கோளாறு ரசிகர் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நிற்பது கற்பனையான பயம் அல்ல. அந்தச் சுவரை உடைப்பது பெரும்பாலும் சின்ன விஷயங்கள். ஜன்னலுக்கு வெளியே போகும் ரயில் நிலைய அறிவிப்பு கேட்டால் வட்டாரம் தெரிந்துவிடும். ஜப்பானில் நிலநடுக்கம் இன்னொரு வம்பு: நேரலையில் “ஐயோ, ஆடுது!” என்று சொன்ன நொடியை, எந்த ஊரில் எப்போது ஆடியது என்ற பொதுத் தகவலோடு வைத்துப் பார்த்தால் போதும். தவறான சாளரத்தைத் திரையில் பகிர்ந்து, சொந்தப் பெயரில் இருக்கும் மின்னஞ்சலைக் காட்டிவிடுவதும், வெப்கேமரா படத்தைக் காட்டிவிடுவதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது. கணினியில் நேரலைக்கென்று தனிக் கணக்கு, தனி உலாவி, தனி முகவரி. பரிசுப் பொருள்கள் நிறுவனத்தின் அலுவலகத்துக்கே வர வேண்டும். வழியே இல்லாதது ஒன்றுதான்: குரல். முன்பு வேறு பெயரில் பாடியோ கேம் ஆடியோ வந்தவரை, சிரிப்பை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ரசிகர் வழக்கில் அதற்கு ‘முற்பிறவி’ என்று பெயர். தெரிந்தாலும் நேரலையில் வாயைத் திறக்கக்கூடாது என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். சுவர் நிற்பது தொழில்நுட்பத்தால் பாதி, இந்த நாகரிகத்தால் பாதி.

இப்போது கிசுனா ஐ-க்கு வருவோம். நான்கு ஐ-க்களில் குரல் மாறியபோது ரசிகர்கள் கேட்டது குரலின் இனிமையை அல்ல. எந்த இடத்தில் சிரிப்பாள், பேயைப் பார்த்தால் எப்படி அலறுவாள், பழைய வீடியோவில் சொன்ன ஒன்றை எப்போது நினைவுபடுத்துவாள் என்பதை எல்லாம்தான் அவர்கள் ‘ஐ’ என்று அறிந்திருந்தார்கள். புதியவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்ல. ஆனால் அந்தப் பழைய நூற்றுக்கணக்கான வீடியோக்கள் அவர்களுக்கு நடந்தவை அல்ல. அதே 2019-ல் ‘கேம் கிளப் ப்ராஜெக்ட்’ என்ற இன்னொரு ஜப்பானியக் குழுவிலும் குரல் கொடுத்தவர்களை மாற்றினார்கள்; அங்கேயும் ரசிகர்கள் கொதித்துப்போய் விலகினார்கள். ஒரு நிறுவனத்தின் தவறு என்றால் விட்டுவிடலாம். இரண்டும் ஒரே வருடத்தில் ஒரே முடிவைக் காட்டின.

கிசுனா ஐ-யின் நிறுவனம் கடைசியில் பின்வாங்க வேண்டியிருந்தது. 2020 ஏப்ரலில் ஐ-க்கென்று தனி நிறுவனம் அறிவிக்கப்பட்டது. அதுவரை இல்லவே இல்லை என்று சொல்லப்பட்ட ‘உள்ளே இருப்பவர்’ குரல் நடிகை கசுகா நொசோமி என்று வெளிப்படையாகச் சொல்லி, அவரை ஆலோசகராகவும் சேர்த்துக்கொண்டார்கள். மற்ற ஐ-க்களுக்குத் தனிப் பெயர்கள் கொடுத்து வேறு பாத்திரங்களாகப் பிரித்துவிட்டார்கள். ஆள் யாரென்று தெரிந்தபின் மாயை உடைந்துபோகும் என்றுதானே பயம்? உடையவில்லை. ரசிகர்களுக்குக் கிடைத்தது நிம்மதி. 2022 பிப்ரவரியில் கச்சேரியோடு விடைபெற்ற ஐ, 2025-ல் திரும்பி வந்தாள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் லில் மிக்கேலா நிற்கிறாள். லாஸ் ஏஞ்சலஸில் ப்ரட் என்ற நிறுவனம் 2016-ல் இன்ஸ்டாகிராமில் உருவாக்கிய, பத்தொன்பது வயதுப் பெண் போன்ற கணினி உருவம். இவளுக்குள் ‘ஆன்மா’ இல்லை. உருவம் செய்கிறவர்கள், வசனம் எழுதுகிறவர்கள், விளம்பரம் பிடிக்கிறவர்கள் என்று ஒரு குழு இருக்கிறது. நேரலைக் கஷ்டமும் இல்லை. ஒவ்வொரு படத்தையும் யோசித்து, திருத்தி வெளியிடலாம். அதனால் இவளுடைய அடையாளத்தைத் தொடர்கதை போல நடத்த முடிந்தது. 2018 ஏப்ரலில் பெர்முடா என்ற இன்னொரு கணினிப் பெண் மிக்கேலாவின் கணக்கைக் ‘கைப்பற்றி’, நீ மனுஷி இல்லை என்று ஒப்புக்கொள் என்றாள். மிக்கேலாவும் கண்ணீரோடு ஒப்புக்கொண்டாள். பெர்முடாவும் அதே நிறுவனத்தின் படைப்பு. மொத்தமும் ஒரு கதைத் திருப்பம். அதனால் அவள் புகழ் ஏறியது.

ஆனால் 2019 இறுதியில் வந்த ஒரு வீடியோவில், வாடகைக் காரில் தனக்குப் பாலியல் தொந்தரவு நேர்ந்ததாக மிக்கேலா சொன்னபோது அந்த வித்தை பலிக்கவில்லை. கடும் கோபம் எழுந்தது. கேட்டவர்கள் ஒன்றையே கேட்டார்கள்: இது யாருக்கு நடந்தது? ஒரு விடியூபர் இதையே சொல்லியிருந்தால், முயல் காதோடு சொல்லியிருந்தாலும், பதில் இருந்திருக்கும். மிக்கேலாவிடம் பதில் இல்லை. ரோபோ என்று ஒப்புக்கொண்டவள் உடையும் காதலும் விற்கலாம். காயத்தை மட்டும் கடன் வாங்க விடமாட்டோம் என்று பார்வையாளர்கள் ஒரு கோடு கிழித்துவிட்டார்கள்.

நீதிமன்றங்களும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் வந்து நிற்கின்றன. ஒரு விடியூபரை இணையத்தில் இழிவாகத் திட்டிய வழக்கில், 2022 ஆகஸ்டில் ஒசாகா மாவட்ட நீதிமன்றம், அந்தப் பாத்திரத்தின் பேச்சில் உள்ளே இருப்பவரின் ஆளுமையே வெளிப்படுகிறது, ஆகவே திட்டு அவர்மேல்தான் விழுகிறது என்று எடுத்துக்கொண்டது. தென்கொரியாவில் ‘பிளேவ்’ என்ற ஐவர் பாடகர் குழு கார்ட்டூன் உருவத்தில் மட்டுமே மேடையேறும். ஆட்களின் பெயர் வெளியிடப்படவில்லை. அவர்களைச் சமூக ஊடகத்தில் இழித்து எழுதியவர், அது வெறும் கார்ட்டூன்தானே என்று வாதிட்டார். 2025-ல் நீதிமன்றம் அதை ஏற்காமல் ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சம் வோன் கொடுக்கச் சொன்னது. நம் பணத்தில் சில ஆயிரம் ரூபாய்தான். கேட்டது அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனாலும் உருவத்தை அடித்தால் ஆளுக்கு வலிக்கும் என்பது தீர்ப்பாகப் பதிந்துவிட்டது.

அவமானம் ஆளுக்கு. சரி, உருவம் யாருக்கு? அது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பெரிய ஜப்பானிய நிறுவனங்களில் ஓவியம், பெயர், சேனல், பழைய வீடியோக்கள் எல்லாம் நிறுவனத்துக்கே. ஹோலோலைவின் சுறாப் பெண் கார் குரா நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களோடு அந்தத் துறையிலேயே முதலிடத்தில் இருந்தவள். 2025 மே 1 அன்று அவள் ‘பட்டம் பெற்று’ விடைபெற்றபோது, அந்த நீலக் கற்றை கலந்த வெள்ளி முடியும் சுறா வாலும் நிறுவனத்திடம் தங்கின. குரல் மட்டும் வெளியே போனது. கிசுனா ஐ-யின் கதையைப் பார்த்த பிறகு, அந்த உருவத்துக்குள் இன்னொருவரை உட்கார வைக்க நிறுவனங்கள் எளிதில் துணிவதில்லை. ஆக, நிறுவனத்தின் கையில் இருப்பது பயன்படுத்த முடியாத சொத்து. போனவரின் கையில் இருப்பது பெயர் சொல்ல முடியாத புகழ்.

அதே வருடம் ஜூலையில் அமெரிக்காவின் விஷோஜோ நிறுவனம் கவிழ்ந்தது. அயர்ன்மவுஸ் என்ற போர்ட்டோ ரிக்கோ கலைஞர், தனக்கு வரவேண்டிய பணமும், தன் நேரலையில் நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கான அமைப்புக்கு என்று திரட்டிய ஐந்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையும் கைக்கு வரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி விலகினார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் சில நாள்களில் விலக, நிறுவனத்தை மூடுவதாகத் தலைவர் அறிவித்தார். அயர்ன்மவுஸே அதே குறைபாட்டால் பெரும்பாலும் வீட்டுக்குள் வாழ்பவர். கொம்பு வைத்த அந்தப் பேய்ராணி உருவம்தான் அவர் வெளியுலகத்துக்கு வரும் வழி. அங்கே ஒப்பந்தம் வேறு மாதிரி இருந்தது: உருவமும் பெயரும் கலைஞருக்கே சொந்தம். பணம் போனது. பேய்ராணி போகவில்லை, அதே கொம்போடு, அதே பெயரில், அதே சேனலில் அவர் தொடர்ந்தார்.